எட்டாம் எண்ணும் ஒரு கயலும்

புதுக்கடைக்குக் 'கயல்' என்று பெயர் தேர்கிறோம். ஆங்கில எழுத்துகளை எண்ணும் சோதிடர் KAYAL என்பதற்கு 2+1+1+1+3=8 என்பார்; எட்டு என்றதும் வீட்டார் முகம் வாடும். இன்னொரு A சேர்த்து KAYAAL ஆக்கினால் ஒன்பது. (தமிழ்ப் பலகையில் கயல் கயலாகவே நீந்தும்!) ஆயின் பெயரைக் காதால் கேட்டவர் இணைய முகவரியில் KAYAL என்றே தட்டச்சிடுவார், வேறெவர் கடையோ திறக்கும். வணிகக்குறிப் பதிவிலும் ஒலியொப்புமை பார்க்கப்படுவதால், கூட்டிய எழுத்து அங்கும் காவாது.

பெரியோரைப் பழிப்பதில் நமக்கு உடன்பாடில்லை. முதலீடும் பெரும்பாலும் அவர்களுடையதே. மக்கள் நாவில் வழங்கும் சொல்லைத் தொடாமல், கணக்கைப் பின்னொட்டில் தீர்க்கலாம் என்போம். KAYAL STORES எனில் 8+24=32; அதாவது ஐந்து, வணிகத்துக்கு உகந்ததென்று எண்கணிதரே போற்றும் எண்.