சாதிவாலை வெட்டிய பின்

"பெயரில் என்ன இருக்கிறது?" என்று நம்மிடையே சிலர் கேட்கின்றனர். ஒன்றுமில்லையெனில் அதில் தொங்கும் வால் மட்டும் எதற்கு என்று நாம் திருப்பிக் கேட்டால் அவர்கள் வாய் திறப்பதில்லை. பெயரில் ஏதோ இருந்தபடியாற்றான், யாழ்ப்பாணத்தில் ஒருகாலத்தில், ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெற்றோர் தம் குழந்தைக்குக் 'கந்தசாமி' என்று பெயரிட விரும்பியபோதும், 'கந்தன்' என்பதற்கு மேல் ஊர்ப் பெரியவர்கள் இடங்கொடுக்கவில்லை. பெயரின் ஈறு வெறும் ஓசையன்று. திண்ணையில் அமரத்தக்கவன் யார், முற்றத்தில் நிற்கவேண்டியவன் யார் என்பதை முகம் பாராமலே அறிவிக்கும் முத்திரை அது.

இதனையுணர்ந்தே ஈ. வெ. ராமசாமி 1927 இல் 'நாயக்கர்' என்னும் பட்டத்தைத் தம் பெயரினின்றும் நீக்கினார். 1929 இல் செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாடும் சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. பட்டத்தாற் பயனடைந்தவன் அதனைத் துறப்பது உரிமையின்றிப் பெற்ற சலுகையைத் திருப்பிக் கொடுப்பதாகும். இழிவு செய்யப்பட்டவன் தன் பெயரை மாற்றுவதோ பிறர் சுமத்திய சுமையை இறக்கிவைப்பதாகும். முன்னவனைத் தியாகியென்றும் பின்னவனைக் 'குலத்தை மறைப்பவன்' என்றும் பேசுவோரின் நீதி நமக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனித்தல் வேண்டும். 'பிள்ளை' என முடியும் பெயரெல்லாம் சாதிப் பெயரன்று. ஈழத்தில் கணபதிப்பிள்ளையும் சின்னப்பிள்ளையும் இட்ட பெயர்களாகவே வழங்குகின்றன. சொல்லைக் கண்டவுடன் கத்தியை எடுக்கவேண்டியதில்லை. அது எதற்காக ஒட்டப்பட்டது என்பதே கேள்வி.

ஆயினும் வாலை நாவினால் மட்டும் வெட்டி, ஏட்டில் விட்டுவிடும் தோழர்களிடமும் நமக்கு வழக்குண்டு. என் மாணவனொருவனின் தகப்பனார் இளமையிலேயே பட்டத்தைத் துறந்தவர். அவர் பெயரை ஆறுமுகம் என்று வைத்துக்கொள்வோம். ஊரெல்லாம் அவரை அப்பெயராலேயே அறிந்தது. ஆனால் பிறப்புப் பதிவிலும் அடையாள அட்டையிலும் காணி உறுதியிலும் அவர் 'ஆறுமுகம்பிள்ளை'யாகவே இருந்தார். அவர் மறைந்தபோது மகன் தான் அறிந்த பெயரையே கூறி மரணத்தைப் பதிவுசெய்தான். பின்னர் அவனுடைய தாயார் காணியை மாற்றச் சென்றபோது, உறுதிக்காரர் வேறு, இறந்தவர் வேறு என்றார் ஓர் அதிகாரி. கணவரின் முற்போக்குக்கு மனைவி எட்டு மாதம் படியேறினார்.

அவரை மீட்டது விவாகச் சாட்சிப் பத்திரம். அதிற் கணவரின் நீண்ட பெயரும் அவருடைய பெயரும் ஒருங்கே இருந்தன. அதனைக் காட்டி, இரு பெயர்களாலும் அழைக்கப்பட்டவர் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியக் கடதாசி முடித்து, கிராம அலுவலரின் கடிதத்தையும் இணைத்தபின்னரே வழி திறந்தது.

எனவே, பட்டத்தைத் துறப்பவர் உயிரோடிருக்கும்போதே ஏட்டையும் ஒழுங்குசெய்தல் வேண்டும். ஊற்று, பிறப்புப் பதிவு. வயதுவந்தவர் தாமே பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். புதிய பெயர் வழக்கிலிருப்பதைக் காட்டும் பத்திரங்கள் அங்கே உதவும். பதிவேட்டிற் பழைய பெயர் அழிக்கப்படுவதில்லை. மாற்றிய பெயர் அதனுடன் குறிக்கப்படுகின்றது. இது குறையன்று, பாதுகாப்பு. இரண்டும் ஒரே ஆளுடையவை என்பதற்கு அதனினும் வலிய சான்று வேறில்லை. அந்தப் பிரதியைக் கொண்டு அடையாள அட்டையையும், அதன்பின் கடவுச்சீட்டையும் வங்கிக் கணக்கையும் மாற்றவேண்டும். வரிசை தவறி வங்கியிற் றொடங்கினால், ஒவ்வோர் அலுவலகமும் மற்றதன் பத்திரத்தைக் கேட்டு உங்களைச் சுற்றவைக்கும்.

பழைய பரீட்சைச் சான்றிதழிலோ உறுதியிலோ மையினால் வெட்டுவது பெருந்தவறு; திருத்தப்பட்ட பத்திரம் மெய்யாயினும் பொய்போலத் தோன்றும். அவற்றை அப்படியே விட்டு, மாற்றங் குறித்த பிறப்புப் பிரதியை உடன் வைத்தாற் போதும். சத்தியக் கடதாசியும் முடிப்பதாயின், அதில் ஒவ்வொரு பத்திரத்தின் இலக்கமும் திகதியும் பெயரின் எழுத்துக்கூட்டலும் உள்ளபடியே எழுதப்படவேண்டும். காணியை அடுத்து மாற்றும்போது, நொத்தாரிசு புதிய உறுதியில் 'இன்னார் எனப்படும் இன்னார்' என எழுதுவார். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களிற் றகப்பன் பெயர் பழையபடியே இருக்குமாதலால், பிரதியொன்றை அவர்களிடமும் கொடுத்துவைத்தல் நன்று.

இத்தனை அலைச்சலையுங் காட்டி, "பட்டம் இருந்தால் இருக்கட்டுமே" என்பார் உளர். அவர்களிற் பலர் மேடையில் வாலை மறைத்து, மகளின் கலியாணப் பேச்சில் அதனை நீட்டிக் காட்டுபவர்கள். அவர்களுக்கு ஏட்டில் வால் இருப்பது வசதி. நமக்கோ அது கடன். அக்கடனை நாமே தீர்ப்போம். விதவைகளின் தலையில் விட்டுச்செல்லோம்.