பளபளக்கும் பருப்பு நல்ல பருப்பா?



ஒரே கடையில் இரண்டு சாக்குகளில் மைசூர் பருப்பு இருக்கிறது. ஒன்று எண்ணெய் தடவியது போல மின்னுகிறது. நிறமும் ஒரே சீராக, நல்ல செம்மஞ்சளாக இருக்கிறது. மற்றது சற்று மங்கல். அங்கொன்றும் இங்கொன்றும் வெளிறிய மணிகள், கையில் எடுத்தால் விரலில் இலேசான மாவுத் தூள். நம்மில் பலருடைய கை முதல் சாக்கின் பக்கமே போகும். இரண்டாவதை ஏன் தள்ளிவிடக் கூடாது என்பதையும், வாங்கும் பருப்பு, பயறு, கடலையை எப்படிப் பார்ப்பது, ஒரே தடவையில் எவ்வளவு வாங்குவது என்பதையும் இம்மாதம் பார்ப்போம்.

மைசூர் பருப்பு நம் நாட்டில் விளைவதில்லை. கனடா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. விளையும்போது அதற்குப் பழுப்பு நிறத் தோல் உண்டு. ஆலையில் அந்தத் தோலை உரசி நீக்கி, இரண்டாக உடைக்கிறார்கள். அப்போது ஒட்டும் தூளைப் போக்கி மினுமினுப்பு வரச் செய்வதுதான் 'பொலிஷ்'. சில ஆலைகள் தண்ணீரை மட்டும் தெளித்துத் துடைத்தெடுக்கும். இதனால் பருப்பில் எதுவும் தங்குவதில்லை. சில இடங்களில் சிறிதளவு எண்ணெய் சேர்ப்பார்கள். ஆகவே மினுமினுப்பு இருந்தாலே கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மினுமினுப்பு பருப்பின் வயதை மறைத்துவிடும். நாள்பட்டு மங்கிப் போனதையும் மீண்டும் பொலிஷ் செய்தால் புதியது போலத் தெரியும். நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

எண்ணெய் பூசியிருக்கிறதா என்று அறிய, ஒரு கைப்பிடிப் பருப்பை உலர்ந்த வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து அழுத்தித் தேயுங்கள். எண்ணெய் இருந்தால் துணியில் பிசுக்குப் பிடிக்கும். பிறகு அதையே மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். நல்ல பருப்புக்குப் பச்சைத் தானிய வாசனை தவிர வேறொன்றும் இராது. பழைய எண்ணெயின் சிக்கு வாடை வந்தால், பருப்பு எவ்வளவு மின்னினாலும் வேண்டாம். துணியில் படிவது வெறும் மாவுத் தூள் என்றால் அஞ்ச வேண்டியதில்லை. உடைத்த பருப்பில் அது இயல்பு. இரண்டு தடவை கழுவினால் போய்விடும்.

அடுத்தது நிறம். இயற்கையான பருப்பின் நிறம் எல்லா மணிகளிலும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று கூடுதலாகவும் ஒன்று குறைவாகவும் இருக்கும். மைசூர் பருப்பை விட, கடலைப் பருப்பு, துவரம் பருப்பு போன்ற மஞ்சள் பருப்புகளில் சாயம் பற்றி அதிகம் கவனமாக இருக்க வேண்டும். இந்தியாவில் இவற்றில் மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் சேர்க்கப்பட்டிருப்பது ஆய்வுகூடங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. இது உணவில் சேர்க்க அனுமதியில்லாத சாயம்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை மிகவும் எளிது. கண்ணாடிக் கோப்பை ஒன்றில் இளஞ்சூடான தண்ணீர் எடுத்து, ஒரு மேசைக்கரண்டி பருப்பைப் போடுங்கள். கலக்க வேண்டாம். கோப்பைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். நல்ல பருப்பென்றால் தண்ணீர் மாவு கரைந்தது போல வெண்மையாகக் கலங்கும். சாயமென்றால் மணியிலிருந்து மஞ்சள் கோடுகள் பிரிந்து இறங்கி, தண்ணீர் தெளிவாக இருந்தபடியே நிறமேறும். சந்தேகம் தீராவிட்டால் நனைந்த மணியொன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். பருப்பின் சொந்த நிறம் உள்ளே வரை இருக்கும். பூசிய நிறம் மேற்பரப்பில் மட்டுமே இருக்கும். மைசூர் பருப்புக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அது வேகும்போது செம்மஞ்சள் மாறி மஞ்சளாகிவிடும். மஞ்சள் தூள் சேர்க்காமல் கொஞ்சம் அவித்துப் பார்த்தும் சிவப்பு மாறவில்லையென்றால் அந்தக் கடையில் மறுபடி வாங்க முன் யோசிக்க வேண்டும்.

இவையெல்லாம் சந்தேகத்தை எழுப்பும் சோதனைகளே தவிர, முடிவான சான்று அல்ல. அமிலம் ஊற்றிப் பார்க்கும் சோதனையைப் பற்றிச் சிலர் சொல்வார்கள். அது ஆய்வுகூடத்துக்குரியது, சமையலறையில் வேண்டாம். வலுவான சந்தேகம் இருந்தால் மீதிப் பருப்பைக் கொட்டிவிடாமல், பற்றுச்சீட்டுடன் உங்கள் பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு.

இனிப் பூச்சிக்கு வருவோம். உடைத்த பருப்பையும் முழுப் பயறையும் ஒரே மாதிரிப் பார்த்தால் ஏமாந்து போவோம். உடைத்த பருப்பில் பெரும்பாலும் வருவது மாவில் காணும் செவ்வண்டும் அந்துப்பூச்சியின் புழுவும்தான். அவை வெளியிலிருந்தே கொறிக்கும். ஆகவே அடியில் அதிகமாகச் சேர்ந்த தூள், சிலந்தி நூல் போல மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிய சிறு கட்டிகள், இவற்றைத் தேடுங்கள். பக்கெட்டில் வாங்கினால் அதைத் தலைகீழாகப் பிடித்து மூலைகளைப் பாருங்கள்.

பாசிப்பயறு, கௌபி, கடலை ஆகியவற்றில் வரும் வண்டு வேறு. அது மணியின் மேல் முட்டையிட்டு ஒட்டிவிடும். முட்டை ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். குஞ்சுப் புழு நேரே மணிக்குள் துளைத்துப் போய், உள்ளிருந்து தின்று, நம் நாட்டுச் சூட்டில் மூன்று நான்கு வாரங்களில் வண்டாகி, வட்டமான ஓட்டை போட்டு வெளியே வரும். ஓட்டையைப் பார்த்து ஒதுக்குவது எல்லோரும் செய்வது. ஆனால் ஓட்டை என்பது வண்டு போன வழி. இன்னும் உள்ளே இருப்பதைக் காட்டுவது அந்த வெள்ளைப் புள்ளியும், தோலுக்கு அடியில் நிழல் போலத் தெரியும் வட்டக் கறையும்தான். கடையில் விளக்கொளியில் இவை தெரியாது. ஒரு கைப்பிடி எடுத்து வாசல் வெளிச்சத்துக்கு வந்து வெள்ளைத் தாளில் பரப்புங்கள். கிட்டத்தட்ட நூறு மணிகளில் நான்கைந்தில் புள்ளி இருந்தாலும் அந்தச் சாக்கு வேண்டாம். இன்று அது நான்கைந்து. உங்கள் டின்னில் ஒரு மாதம் இருந்தால் கணக்கே வேறாகிவிடும்.

கையை மேலே மட்டும் விடாமல் சாக்கின் ஆழத்திலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டு வியாபாரியை எச்சரித்த சம்பவம் நாம் எல்லோரும் அறிந்ததுதான். ஆகவே அடியைப் பார்க்கக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எவ்வளவு வாங்குவது? ஆறு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கிழமையில் நான்கு நாள் பருப்புக் கறி, ஒரு தடவைக்கு 200 கிராம் என்றால் கிழமைக்கு 800 கிராம். நான்கு கிழமைக்கு 3 கிலோ 200 கிராம். விருந்தாளிகளுக்கும் சேர்த்து மூன்றரைக் கிலோ போதும். கிழமைக்கு ஒரு காலையில் பயறு அவித்தால், 250 கிராம் வீதம் மாதத்துக்கு 1 கிலோ. கடலையும் கௌபியும் இரு கிழமைக்கு ஒரு தடவை என்றால் அரைக் கிலோ வீதம். வடைக்குக் கடலைப் பருப்பு இன்னுமோர் அரைக் கிலோ. இதற்கு மேல் வாங்கி வைக்கக் காரணமில்லை.

"பத்துக் கிலோவாக எடுத்தால் கிலோவுக்கு 20 ரூபா குறைத்துத் தருகிறேன்" என்று கடை முதலாளி சொல்லலாம். 200 ரூபா மிச்சம். ஆனால் கிலோ 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், அந்தப் பத்தில் ஒரே ஒரு கிலோ வண்டுக்குப் போனாலும் 280 ரூபா போய்விட்டது, இலாபம் நட்டமாகிவிட்டது. வண்டு வராவிட்டாலும் வேறொன்று உண்டு. சூட்டிலும் ஈரக் காற்றிலும் மாதக் கணக்கில் கிடந்த பயறும் கடலையும் எவ்வளவு ஊறவைத்தாலும் சரியாக வேகாது. அடுப்பில் எரியும் காஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்படியும் மலிவு விலையை விட மனமில்லையா? அயல் வீட்டு ராத்தாவுடனும் மச்சியுடனும் சேர்ந்து வாங்கி, அன்றே மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நோன்பு காலத்துக்கும் இதே கணக்குத்தான். கஞ்சிக்கு நாளொன்றுக்கு 50 கிராம் பயறு என்றால் முப்பது நாளைக்கு ஒன்றரைக் கிலோ. ஷஃபான் தொடக்கத்திலேயே முழுவதையும் வாங்கி வைத்தால், முட்டையோடு வந்த மணிகள் சரியாக நோன்பு பிறக்கும் வேளையில் வண்டாக வெளிவரும். ஷஃபான் கடைசியில் 750 கிராமும், பதினைந்தாம் நோன்பில் மீதி 750 கிராமும் வாங்குங்கள்.

வாங்கி வந்த பயறையும் கௌபியையும் சுளகில் புடைத்து, நல்ல வெயிலில் மெல்லியதாகப் பரப்பி நாலைந்து மணித்தியாலம் காயவிடுங்கள். நன்றாக ஆறிய பின்பே போத்தலில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலத்தில் வெயில் கிடைக்காவிட்டால் பிறீசரில் ஒரு கிழமை வைத்தெடுத்தால் உள்ளிருக்கும் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே திறக்காமல், பையோடு அறைச் சூட்டுக்கு வர விடுங்கள். இரண்டும் முடியாதவர்கள் ஒரு கிலோ பயறுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டுப் பிசறி வைக்கலாம். முட்டை பொரிக்காது. கடைப் பருப்பில் எண்ணெயைச் சந்தேகித்துவிட்டு இதென்ன என்று கேட்பீர்கள். இது எந்த எண்ணெய், எப்போது பூசியது என்று உங்களுக்குத் தெரியும். எண்ணெய் சிக்குப் பிடிக்கும் முன், ஒரு மாதத்துக்குள் சமைத்து முடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. போத்தலில் ஒரு பிடி மீதி இருக்கும்போதே அதன் மேல் புதியதைக் கொட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பழையதில் ஒளிந்திருக்கும் ஒரு சோடி வண்டுக்கு அது போதும். அந்த மீதியை அன்றைக்கே அவித்துவிட்டு, போத்தலைக் கழுவி ஈரமில்லாமல் காயவைத்த பிறகு புதியதைப் போடுங்கள்.