ஒரே முயற்சி என்னும் நிபந்தனை

கடக்வாஸ்லாவிலிருந்து நாள்தோறும் புணே கிளைக்குச் செல்லும் வங்கி எழுத்தர் ஒருவரைக் கருதுவோம். ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வின் நான்கு தாள்களையும் படிக்க நேரமின்றி, ஒரு பருவத்தில் இரண்டு தாள்கள் எழுதி 46, 47 பெறுகிறார்; அடுத்த பருவத்தில் 45, 62. மொத்தம் 200.

இந்திய வங்கியியல், நிதிக் கழகத்தின் விதிப்படி ஒவ்வொரு தாளிலும் 50 பெற வேண்டும். அல்லது நான்கையும் ஒரே முயற்சியில் எழுதி, எதிலும் 45க்குக் குறையாமல் மொத்தம் 200 எடுக்க வேண்டும். ஆகவே, இதே மதிப்பெண்களை ஒரே முயற்சியில் பெற்றவர் தேர்ச்சியடைகிறார். நம் எழுத்தருக்கோ ஒரு தாள் மட்டுமே தேறுகிறது. தேர்ச்சிக்குரிய ஊதிய உயர்வு தள்ளிப்போகிறது. பதவி உயர்வில் இத்தகுதியைக் கணக்கில் கொள்ளும் வங்கியில் அங்கும் பின்தங்குவார்.

இங்கே அளக்கப்படுவது அறிவா, கிடைத்த விடுப்பா? தேர்ச்சிக்கான கால வரம்புக்குள் பெற்ற மதிப்பெண்களைக் கூட்டுவதே முறை.