"நல்ல கேள்வி சார்" என்பது பதில் இல்லை

1/ எட்டு நிமிஷம் பேச்சு, மூணு நிமிஷம் கேள்வி. மாநாடுகள்ல இளம் டாக்டர்களுக்குக் கிடைக்கிற நேரம் பெரும்பாலும் இவ்வளவுதான். அந்த மூணு நிமிஷத்துக்கு நாம சொல்லித்தர்ற தந்திரம் என்ன? சிரிங்க. "நல்ல கேள்வி சார்"னு சொல்லுங்க. "அடுத்த ஆய்வுல கவனத்துல எடுத்துக்கறோம் சார்"னு முடிச்சுட்டு மேடையை விட்டு இறங்குங்க. இது தப்பான பாடம்னு சொல்லத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

2/ டாக்டர் இல்லாதவங்களும் படிக்கலாம், படிக்கணும். அந்த மூணு நிமிஷத்துல சரியான கேள்வி வராமப் போனா, இல்ல வந்த கேள்விக்குச் சரியான பதில் இல்லாமப் போனா, அரைகுறை முடிவு ஒண்ணு சிகிச்சையா மாறி உங்க வீட்டு வாசலுக்கு வந்து நிக்கும். அரங்கத்துல கைதட்டினவங்க யாரும் அந்த மாத்திரையை முழுங்கப் போறதில்லை.

3/ முதல்ல ஒரு நிஜக் கதை. 1956-ல மெட்ராஸ்ல காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கினாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேர்ந்து நடத்தினது. தலைமை வாலஸ் ஃபாக்ஸ். இன்னிக்கு சேத்துப்பட்டுல இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது.

4/ அப்போ காசநோய்னா சானடோரியம். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, மாசக்கணக்குல படுக்கை. தாம்பரம் பக்கத்துல ரயில் நிலையத்துக்கே அந்தப் பேர் இன்னும் இருக்கு. ஆனா நாட்டுல இருந்த நோயாளிகளுக்கு அத்தனை கட்டில் எங்கே? அதனால மெட்ராஸ் குழு எடுத்த கேள்வி: ஏழை நோயாளியை அவர் குடிசையிலேயே வச்சு, மாத்திரை மட்டும் கொடுத்தா குணமாகுமா?

5/ 193 நோயாளிகள். குலுக்கல் முறையில பிரிச்சு, ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி வீட்டுக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மருந்து, ஐசோனியசிடும் பாஸும், ஒரு வருஷம். 1959-ல முடிவு வெளியாச்சு: சளியில கிருமி அடங்கினவங்க வீட்டுப் பிரிவுல 86 சதவீதம், சானடோரியத்துல 92 சதவீதம்.

6/ இப்போ நீங்க அந்தக் காலத்துப் பெரிய டாக்டர்னு வச்சுக்குங்க. உங்களுக்கு என்ன கேள்வி வரும்? "வீட்டுல இருக்கிறவன் மாத்திரையை ஒழுங்காப் போட்டானான்னு எப்படித் தெரியும்?" "அவன் சாப்பாடு மட்டமாச்சே?" "ஒரே அறையில பொண்டாட்டி புள்ளைங்க படுத்திருக்காங்களே, அவங்களுக்குத் தொத்தாதா?" "ஒரு வருஷம் சரி, அப்புறம் திரும்பி வந்தா?" நாலுமே நியாயமான கேள்வி.

7/ அந்த ஆய்வோட பெருமை இங்கதான். நாலு கேள்விக்கும் அவங்க மேடையில பதில் தேடலை. மாத்திரை போட்டாங்களான்னு பார்க்க, சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினாங்க, சிறுநீரைப் பரிசோதிச்சாங்க. சாப்பாட்டை அளந்தாங்க. வீட்டுப் பிரிவு சாப்பாடு நிஜமாவே மட்டம்தான், அதை அப்படியே எழுதினாங்க. கூட இருந்த குடும்பத்தாரையும் 5 வருஷம் பின்தொடர்ந்தாங்க. வீட்டுல சிகிச்சை எடுத்ததால அவங்களுக்கு நோய் அதிகமா வரலை. திரும்ப வர்றதுலயும் ரெண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

8/ "86 எங்கே, 92 எங்கே? 6 சதவீதம் குறைஞ்சிருக்கேப்பா!" இதுதான் கடைசிக் கத்தி. நேர்மையான பதில் ரெண்டு வரி: இவ்வளவு பேர்ல இந்த அளவு வித்தியாசம் தற்செயலாவே வரலாம். சானடோரியம் கொஞ்சம் மேலாவே இருந்தாலும், அந்தக் கட்டில் கிடைக்காத மத்தவங்களுக்கு வீட்டுச் சிகிச்சைதான் வழி. "வித்தியாசமே இல்லை சார்"னு அடிச்சுவிட்டா அது பொய்.

9/ இன்னிக்கு ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமத்துல ஒருத்தருக்குக் காசநோய்னா அவர் வீட்டுலயே மாத்திரை சாப்பிடறார். கேள்விகளை முன்கூட்டியே யோசிச்சு ஆய்வுக்குள்ளயே பதிலைக் கட்டி வச்சதால வந்தது அது. முந்தின நாள் ராத்திரி உக்காந்து "கேட்கக்கூடிய 10 கேள்விகள்" பட்டியல் போட்டு வந்ததில்லை.

10/ சரி, இன்னிக்குக்கு வருவோம். ஒரு உதாரணம், எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. ஆவுடையார்கோவில் மாதிரி ஒரு தாலுகாவுல ஒரு இளம் டாக்டர் ஆய்வு பண்றார். 2021-ல வந்த மக்களைத் தேடி மருத்துவம் மூலமா பி.பி. மாத்திரை வீட்டுக்கே போகுது. 100 பேரைச் சேர்க்கறார். ஆறு மாசம் கழிச்சு 70 பேரை அளக்கறார். 49 பேருக்கு 140/90-க்குக் கீழ. ஸ்லைடுல பெரிய எழுத்துல போடறார்: "70 சதவீதம் கட்டுப்பாட்டில்".

11/ முதல் வரிசையில இருந்து மேடம் மைக் வாங்குவாங்க. "தம்பி, மிச்சம் 30 பேர் எங்கப்பா?" நம்ம தந்திரப் பதில்: "அவங்க ஃபாலோ அப்புக்கு வரலை மேடம், நல்ல கேள்வி." இது பதிலா? 30 பேர் வரலைங்கறது மேடத்துக்கும் தெரியும். அதனாலதானே கேட்டாங்க.

12/ பதில் இப்படி இருக்கணும்: "மேடம், அந்த 30 பேரும் கட்டுப்பாட்டுல இல்லைன்னு வச்சா 100-க்கு 49. எல்லாரும் கட்டுப்பாட்டுல இருக்காங்கன்னு வச்சா 79. உண்மை இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு. அவங்க வீட்டுல விசாரிச்சோம், பல பேர் திருப்பூர் பக்கம் வேலைக்குப் போயிருக்காங்க. போனவங்க மாத்திரையை விட்டிருக்க வாய்ப்பு அதிகம், அதனால 49 பக்கம்தான் நான் சாய்வேன்." அரை நிமிஷம் ஆகும். இப்படிச் சொன்னா அந்த 70 சதவீதம் ஸ்லைடே மாறணும். மாறட்டும். ஆனா வீட்டுல விசாரிக்கறது ஆய்வு நடக்கும்போதே பண்ண வேண்டிய வேலை. மேடையில நின்னுட்டு திருப்பூருக்கு ஆள் அனுப்ப முடியாது.

13/ ரெண்டாவது கேள்வி இன்னும் கூர்மை. "பி.பி. அதிகமா இருந்தவங்களைத்தானே சேர்த்தே? சும்மா விட்டாலும் கொஞ்சம் இறங்கியிருக்குமே?" பொதுமக்களுக்கு: பி.பி. ஒரே இடத்துல நிக்காது. பஸ் பிடிச்சு ஓடி வந்த அன்னிக்கு ஏறும், நிம்மதியான நாள்ல இறங்கும். ஏறின நாள் அளவை வச்சு ஆளைச் சேர்த்தா, அடுத்த தடவை அளக்கும்போது சராசரி தானா இறங்கும். மருந்து அந்தப் பேரைத் தட்டிட்டுப் போயிடும்.

14/ இதுக்குப் பதில் ரெண்டே ரெண்டு. ஒண்ணு, சேர்க்கறதுக்கு முன்னாடி வேற வேற ரெண்டு நாள் அளந்து சராசரி எடுத்திருக்கணும். அப்பவும் இந்தச் சிக்கல் குறையுமே தவிர மறையாது. ரெண்டு, வீட்டுக்கு மாத்திரை போகாத, மத்தபடி இதே மாதிரி ஆளுங்க ஒரு குழு ஒப்பிட இருக்கணும். ரெண்டும் இல்லைன்னா வாயைத் திறந்து சொல்லணும்: "இந்த இறக்கத்துல எவ்வளவு திட்டத்தால வந்ததுன்னு என் ஆய்வால சொல்ல முடியாது சார்." அப்படிச் சொல்றதுல அவமானம் ஒண்ணுமில்லை. கேட்டவருக்கு அதுக்கு மேல கேட்க ஒண்ணும் இருக்காது.

15/ மூணாவது: "அளந்தது யாரு?" மாத்திரை கொண்டுபோற தன்னார்வலரே அளந்தா, தான் கொடுத்த மருந்து வேலை செய்யணும்னு அவங்களுக்கும் ஆசை இருக்கும். 142-ஐ 138-னு எழுத கை போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: கடைசி இலக்கத்தைப் பாருங்க. டிஜிட்டல் கருவின்னா 0-ல முடியற அளவு சுமார் பத்துல ஒண்ணுதான் வரணும். உங்க நோட்டுல பாதி 0-ல முடிஞ்சா கருவியைப் பார்த்து எழுதலை, குத்துமதிப்பா எழுதியிருக்காங்க. 140-க்குச் சற்றுக் கீழ அளவுகள் குவிஞ்சு, சற்று மேல காலியா இருந்தாலும் சந்தேகப்படுங்க. மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி நீங்களே எண்ணிப் பார்த்து, அந்தப் படத்தை நன்றி ஸ்லைடுக்குப் பின்னாடி வச்சுக்குங்க. கேட்டா எடுத்துக் காட்டலாம்.

16/ இப்போ பெரியவங்க பக்கம். "என் முப்பது வருஷ அனுபவத்துல நான் இப்படிப் பார்த்ததே இல்லை"ன்னு சிலர் எழுந்திருப்பாங்க. அது கேள்வி இல்லை, ஆனாலும் உள்ள ஒரு கேள்வி ஒளிஞ்சிருக்கும். அதை நீங்க வெளிய எடுக்கணும்: "சார் பார்க்கிற நோயாளிகள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவங்க. நான் பார்த்தது கிராமத்துல இருக்கிறவங்க. வித்தியாசம் அதனால இருக்கலாம்." அனுபவத்தை மறுக்கவும் இல்லை, பணியவும் இல்லை. ரெண்டு பேர் பார்த்ததும் எந்தக் கூட்டத்தைன்னு மட்டும் சொல்றோம்.

17/ மூத்தவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "இதையெல்லாம் எதுக்கும்மா தாலுகா ஆஸ்பத்திரியில பண்றே?"ன்னு ஒரு மேடையில ஒருத்தர் கேட்டதை நானே கேட்டிருக்கேன். கூட்டம் சிரிச்சது. அந்தக் கேள்வியால எந்த நோயாளிக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. "மிச்சம் 30 பேர் எங்கே?"ங்கறதும் அதே அளவு சுடும், ஆனா அது உயிரைக் காப்பாத்தும். எந்தக் கேள்வியைக் கேட்கறோம்னு நீங்களும் முன்கூட்டியே யோசிச்சுட்டு எழுந்திருங்க.

18/ வழிகாட்டிகளே, உங்க மாணவி திணறும்போது மைக்கைப் பிடுங்கிப் பதில் சொல்லாதீங்க. அவங்க ஆய்வு ஆரம்பிக்கிற அன்னிக்கு, ஒருத்தரைக்கூடச் சேர்க்கறதுக்கு முன்னாடி, அரை மணி நேரம் உக்காருங்க. உங்க துறையிலயே ரொம்பக் கடுமையா கேட்கிறவர் யாரோ அவரையும் கூப்பிடுங்க. முடிவு இப்படி வந்தா என்ன கேட்பீங்கன்னு கேளுங்க. அவர் கேட்கிற ஒவ்வொண்ணுக்கும் எதிரே, எதை அளக்கணும்னு ஒரு வரி எழுதுங்க. அளக்க முடியாததையும் எழுதுங்க. மேடையில "தெரியாது சார், ஏன்னா இதை அளக்க வசதி இல்லை"ன்னு சொல்ற தைரியம் அந்தத் தாள்ல இருந்துதான் வரும்.

19/ "இதெல்லாம் பெரிய ஆராய்ச்சிக்குத்தான், பி.ஜி. ஆய்வுக்கு எதுக்கு?"ன்னு வருவீங்க, தெரியும். 30 பேர் வீட்டுக்குப் போய் விசாரிக்க ஒரு டூ வீலரும் நாலு ஞாயித்துக்கிழமையும் போதும். கடைசி இலக்கத்தை எண்ண ஒரு மணி நேரம். காசு கேட்கிற வேலை ஒண்ணும் இதுல இல்லை. கமெண்ட்ல வாங்க: நீங்க மேடையில கேட்ட, இல்ல உங்களைக் கேட்ட, உருப்படியான ஒரே ஒரு கேள்வியை எழுதுங்க. பேர் வேண்டாம், கேள்வி மட்டும்.