அங்கீகாரம் யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது?

ஒரு விளம்பரத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேசுவோம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் திட்டப் பொறியாளர்களின் கைப்பேசிக்கு வரும் செய்திகளின் பாணியில் நாமே எழுதிய மாதிரி இது. எந்த நிறுவனத்தையும் குறிப்பதல்ல.

“பி.எம்.பி. தேர்வுப் பயிற்சி. 4 நாள், காலை 9 முதல் மாலை 5 வரை. 35 பி.டி.யு. வழங்கப்படும். எச்.ஆர்.டி. கோர்ப் அங்கீகாரம் பெற்றது. 98 விழுக்காடு தேர்ச்சி. 15 ஆண்டு அனுபவம். கட்டணம் 3,200 ரிங்கிட். வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் 2,400.”

படித்ததும் மனத்தில் தங்குவது ‘அங்கீகாரம்’ என்ற சொல்தான். ஆனால் பி.எம்.பி. சான்றிதழை வழங்கும் பி.எம்.ஐ. அமைப்பின் பெயர் இந்த விளம்பரத்தில் எங்குமே இல்லை. அங்கீகாரம் கொடுத்தது ஒருவர், தேர்வு நடத்துவது இன்னொருவர். இந்த இடைவெளியை வாசகர் கவனிக்கமாட்டார் என்பதுதான் விற்பவரின் நம்பிக்கை.

பினாங்கில் இது எளிதாக நடந்துவிடுவதற்குக் காரணம் உண்டு. இங்கே பயிற்சி என்பது நெடுங்காலமாகத் தொழிற்சாலை ஏற்பாடு செய்து தருவது. பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் 1989இல் தொடங்கப்பட்டதே மாநில அரசும் தொழில் நிறுவனங்களும் கைகோத்ததால்தான். எந்த வகுப்பு, யார் நடத்துகிறார், பணம் எங்கே போகிறது என்பதையெல்லாம் மனிதவளப் பிரிவு பார்த்துக்கொள்ளும். ஊழியர் போய் உட்கார்ந்தால் போதும். வேலை மாறும் எண்ணத்தில் ஒருவர் தம் சொந்தக் காசில் பி.எம்.பி. எழுதக் கிளம்பும்போது, அவருக்காகச் சரிபார்க்க யாரும் இல்லை. சரிபார்க்கும் பழக்கமும் அவருக்கு இல்லை.

முதலில் பி.எம்.ஐ. பக்கத்தைப் பார்ப்போம். பழைய ஆர்.இ.பி. என்ற பதிவுமுறையை அது 2020இல் கைவிட்டு, ‘ஆத்தரைஸ்டு டிரெய்னிங் பார்ட்னர்’, சுருக்கமாக ஏ.டி.பி., என்ற முறையைக் கொண்டுவந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. ஏ.டி.பி. நிறுவனம் பி.எம்.பி. தேர்வுப் பயிற்சிக்கு பி.எம்.ஐ. தயாரித்த பாடநூலையே பயன்படுத்துகிறது. அதைக் கற்பிக்கும் பயிற்றுநரும் பி.எம்.ஐ. நடத்தும் பயிற்சியை முடித்துத் தனியாக ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். ஆகவே நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. நமக்கு வகுப்பெடுக்கப் போகிறவரின் பெயரையும் கேட்க வேண்டும். விளம்பரத்தில் இன்னமும் ஆர்.இ.பி. சின்னம் இருந்தால், அந்த நிறுவனம் 2020க்குப் பிறகு தன் தாளைத் திருத்தவில்லை என்று பொருள். பாடத்தைத் திருத்தியிருக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. 2021 ஜனவரிக்கு முன் தேர்வில் 200 கேள்விகள், நான்கு மணி நேரம். அந்த மாதம் முதல் 180 கேள்விகள், 230 நிமிடம் என்று மாறியது. கேள்விகளில் ஏறக்குறையப் பாதி அஜைல், கலப்பு முறைகளைப் பற்றியவை என்றும் ஆனது. தேர்வுத் திட்டம் அவ்வப்போது இப்படி மாறுவது. “உங்கள் பாடம் எந்த ஆண்டின் தேர்வுத் திட்டத்தை ஒட்டியது?” என்ற ஒரு கேள்விக்குப் பயிற்றுநரிடம் உடனே பதில் வர வேண்டும்.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஏ.டி.பி.யிடம் படித்தால்தான் தேர்வு எழுதலாம் என்று விதி கிடையாது. பயிற்சியைப் பொறுத்தவரை, விண்ணப்பிக்குமுன் 35 மணி நேர முறைசார் கல்வி முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தைப் பல்கலைக்கழகத்தில் பெறலாம், வேலை செய்யும் நிறுவனம் நடத்தும் வகுப்பில் பெறலாம், பி.எம்.ஐ.யின் உள்நாட்டுக் கிளையில் பெறலாம், சாதாரணப் பயிற்சி நிறுவனத்திலும் பெறலாம். இறுதியில் மதிப்பீடு உள்ள இணையவழிப் பாடமும் செல்லும். சொந்தமாகப் புத்தகம் படித்த நேரம் மட்டும் செல்லாது. எனவே “எங்களிடம் படிக்காவிட்டால் பி.எம்.ஐ. ஏற்காது” என்று ஏ.டி.பி. ஒன்று சொன்னால் அதுவும் பொய்தான். அதிகாரபூர்வம் அல்லாத ஒருவர் நன்றாகவே கற்பிக்கலாம், குறைந்த கட்டணத்தில் கற்பிக்கலாம். அவரிடம் படிப்பது தவறல்ல. அவர் தம்மை வேறொருவராகக் காட்டிக்கொள்வதுதான் தவறு.

இப்போது விளம்பரத்துக்குத் திரும்புவோம். காலை 9 முதல் மாலை 5 வரை என்றால் எட்டு மணி நேரம். மதிய உணவுக்கு ஒரு மணி நேரத்தைக் கழித்தால் ஏழு. நான்கு நாளுக்கு 28 மணி நேரம். தேநீர் இடைவேளையைக் கழித்தால் இன்னும் குறையும். நான்கே நாளில் 35 மணி நேரம் வேண்டுமென்றால், இடைவேளை நீங்கலாக நாளொன்றுக்கு எட்டே முக்கால் மணி நேரம் வகுப்பு நடக்க வேண்டும். இந்தக் கால அட்டவணையில் அது நடக்காது. குறையும் ஏழு மணி நேரத்துக்கு என்ன வழி என்று கேளுங்கள். மாலை இணைய வகுப்பு உண்டு என்றால் சரி. “சான்றிதழில் 35 என்று போட்டுத் தருகிறோம்” என்றால், பொய்யான தாளில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

அடுத்தது ‘35 பி.டி.யு.’. பி.டி.யு. என்பது சான்றிதழ் பெற்றவர் அதைத் தக்கவைத்துக்கொள்ள மூன்றாண்டில் 60 சேர்க்க வேண்டிய அலகு. முதல்முறை விண்ணப்பிப்பவருக்கு வேண்டியது பி.டி.யு. அல்ல, கல்வி நேரம். இந்தத் துறையில் உண்மையிலேயே புழங்கியவர் இரண்டையும் குழப்பமாட்டார். 98 விழுக்காட்டுத் தேர்ச்சியும் அப்படித்தான். பி.எம்.ஐ. தேர்ச்சி விகிதத்தை வெளியிடுவதில்லை. ஆகவே அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க எந்த இடமும் இல்லை.

‘எச்.ஆர்.டி. கோர்ப் அங்கீகாரம்’ பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் பொருள் வேறு. 2001ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டப்படி முதலாளிகள் கட்டும் ஒரு விழுக்காட்டு லெவியை நிர்வகிப்பது அந்த நிறுவனம். அதில் பதிந்த பயிற்சி நிறுவனத்துக்கு அந்த லெவிப் பணத்திலிருந்து கட்டணம் பெறும் தகுதி உண்டு. பி.எம்.ஐ.யோடு அந்தப் பயிற்சி நிறுவனத்துக்கு உறவு உண்டா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதோடு, லெவி முதலாளியுடைய கணக்கில் இருப்பது. மானியத்துக்கு முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் பயிற்சி தொடங்குமுன். சொந்தக் காசு கட்டிவிட்டுப் பிறகு “கிளேய்ம் செய்துகொள்ளலாம்” என்று நம்பிப் போகிறவருக்கு ஒரு காசும் திரும்பாது.

‘15 ஆண்டு அனுபவம்’ என்பதை ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். மலேசிய நிறுவன ஆணையம், அதாவது எஸ்.எஸ்.எம்., 2019 அக்டோபரிலிருந்து 12 இலக்கப் பதிவு எண்ணைப் பயன்படுத்துகிறது. அதன் முதல் நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. அடுத்த இரண்டும் அது எந்த வகை அமைப்பு என்பதைச் சொல்லும். உள்நாட்டு நிறுவனமென்றால் 01, வணிகப் பதிவென்றால் 03. எண் 202303 என்று தொடங்கினால், அது 2023இல் பதிவான ஒரு வணிகம். பயிற்றுநருக்குப் பதினைந்தாண்டு அனுபவம் இருக்கலாம், நிறுவனத்துக்கு இல்லை. விலைச்சீட்டில் பதிவு எண்ணே இல்லையென்றால் அதைவிடத் தெளிவான விடை வேண்டாம்.

இவ்வளவு பார்த்தாக வேண்டுமா என்று தோன்றலாம். காரணம் பி.எம்.ஐ.யின் தணிக்கை. வரும் விண்ணப்பங்களில் சிலவற்றை அது குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து ஆதாரம் கேட்கும். கல்வி நேரச் சான்றிதழின் நகல், பட்டத்தின் நகல், எழுதிய அனுபவத்தை மேலதிகாரி உறுதிசெய்தது ஆகியவற்றை 90 நாளுக்குள் தர வேண்டும். தவறினால் ஓராண்டு விண்ணப்பிக்க முடியாது. பாடப்பெயர், தேதி, மணி நேரம் எதுவும் சரியாக இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு, எடுக்கப்படாத தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருப்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். “அனுபவப் பகுதியை நாங்களே எழுதித் தருகிறோம்” என்பவர்களின் உதவியும் இந்த இடத்தில்தான் உடையும். எழுதியது அவர்கள், உறுதிசெய்யவேண்டியது உங்கள் பழைய மேலாளர்.

ஆகவே பணம் கட்டுமுன் செய்ய வேண்டியது நான்கே காரியம். ஏ.டி.பி. என்று சொன்னால், அவர்கள் அனுப்பும் இணைப்பைத் தட்டாமல் pmi.org என்று நாமே தட்டச்சு செய்து, அங்குள்ள பட்டியலில் பெயரைத் தேட வேண்டும். ஏ.டி.பி. அல்ல என்று வெளிப்படையாகச் சொன்னால், கால அட்டவணை, பயிற்றுநர் பெயர், மாதிரிச் சான்றிதழ், பணத்தைத் திரும்பத் தரும் நிபந்தனை நான்கையும் எழுத்தில் வாங்க வேண்டும். வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். தனிநபர் பெயரில் இருந்தால் காவல்துறையின் semakmule.rmp.gov.my பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். தேர்வுக் கட்டணத்தை மட்டும் இடையில் யாரிடமும் கொடுக்காமல், பி.எம்.ஐ.யில் நம் பெயரில் திறந்த கணக்கிலிருந்து நாமே கட்டிவிடுவது நல்லது.

மோசடி என்று தெரிந்தவுடன் 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதித்தால் பணம் கைமாறிவிடும். வாக்களித்த வகுப்பு நடக்கவில்லை என்ற வகைச் சச்சரவுக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது.

கடைசியாக, நம்மிலேயே வார இறுதியில் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெயருக்குப் பின்னால் பி.எம்.பி. என்று போட உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை உங்கள் நிறுவனத்தை ஏ.டி.பி. ஆக்கிவிடாது. பி.எம்.ஐ.யின் நெறிமுறைக் கோட்பாட்டின் நான்கு மதிப்புகளில் ஒன்று நேர்மை. அதில் கையொப்பமிட்ட நாம், “நாங்கள் பி.எம்.ஐ.யின் அதிகாரபூர்வப் பங்காளி அல்ல, 35 மணி நேர வகுப்பு நடத்துகிறோம், சான்றிதழ் தருகிறோம்” என்று விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதலாம். அடுத்த விளம்பரத்தை அச்சுக்கு அனுப்புமுன் அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்.