கருஞ்சீரகக் குப்பியில் ஹதீஸ் இருந்தால் போதுமா?



ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் நமது ஆயக்குடியில் வீட்டுக்கு வீடு சளியும் இருமலும்தான். பின்னாலேயே ‘நோய் எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும்’ குப்பிகளும் வந்துவிடும். சென்ற மழைக்காலத்தில், நம் மத்ரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவனின் தாயார் 600 ரூபாய்க்கு வாங்கிய கருஞ்சீரக எண்ணெயை நம்மிடம் காட்டினார். மேலே நபிமொழி; கீழே, ‘ஏழே நாளில் சளி நீங்கும்’. “ஹதீஸே போட்டிருக்கிறதே உஸ்தாத், இதில் என்ன சந்தேகம்?” என்றார். கணவர் கொய்யாத் தோப்பில் கூலிக்குச் செல்பவர்.

முதலில் ‘ஏழு நாள்’ என்பதை எடுத்துக்கொள்வோம். இதே ஏழு நாளை நாடே கேட்டிருக்கிறது. 2020 ஜூன் 23 அன்று பதஞ்சலி நிறுவனம் கொரோனில் மாத்திரையை வெளியிட்டபோது, ஏழு நாளில் நூற்றுக்கு நூறு பேரும் கொரோனாவிலிருந்து குணமடைந்ததாக அறிவித்தது. அன்றே மத்திய ஆயுஷ் அமைச்சகம் விளம்பரத்தை நிறுத்தச் சொன்னது. உரிமம் வழங்கிய உத்தராகண்ட் அதிகாரிகளோ, விண்ணப்பத்தில் கொரோனா என்ற பேச்சே இல்லை, எதிர்ப்பு சக்திக்கும் இருமல் காய்ச்சலுக்கும் என்றே உரிமம் கேட்கப்பட்டது என்றார்கள். உரிமத்தில் ஒன்று, விளம்பரத்தில் வேறொன்று! கொரோனாவைக் குணப்படுத்தும் என்ற கூற்றுகளை நீக்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட 2024 ஜூலை வரை ஆயிற்று.

அந்த ஆய்வு பின்னர் அச்சிலும் வந்தது. நோயாளிகள் 95 பேர். அறிகுறியே இல்லாதவர்கள், அல்லது இலேசான அறிகுறி உள்ளவர்கள். 45 பேருக்கு மருந்து. 50 பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. மூன்றாம் நாளில் மருந்து உண்டவர்களில் நூற்றுக்கு 71 பேர் தேறினார்கள். வெற்று மாத்திரை உண்டவர்களில்? நூற்றுக்கு 50 பேர்! ஏழாம் நாளில் அவர்களில் 60 பேர். எதுவும் உண்ணாமலே பாதிப்பேர் மூன்று நாளில் தேறும் நிலையில், ‘உண்டார், தேறினார்’ என்பது எதற்கும் சான்றாகாது. எஞ்சிய வித்தியாசம் மருந்தின் பயனாக இருக்கலாம். ஆனால் நிறுவனத்தாரே பங்கேற்று, இத்தனை சிலரிடம் செய்த ஆய்வை அதன் தலைப்பே முன்னோட்டம் என்றுதான் சொல்கிறது. விளம்பரம் சொன்னதோ நூற்றுக்கு நூறு.

சாதாரணச் சளி ஏழு முதல் பத்து நாளில் தானாகவே தணியக்கூடியது. ஆகவே ‘ஏழு நாள்’ என்று எழுதுபவர், உடல் செய்யும் வேலைக்குக் கூலி கேட்கிறார். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதை உண்ணாதவர்கள் எத்தனை நாளில் தேறினார்கள்? ‘எத்தனையோ பேர் பயனடைந்தார்கள்’ என்பது இதற்குப் பதிலன்று. எதிர்ப்பு சக்தி கூடுகிறது என்கிறாரே, கூடியதை எதைக் கொண்டு அளந்தார் என்றும் கேளுங்கள். சளியில் வரும் காய்ச்சலே எதிர்ப்பு சக்தி வேலை செய்வதன் அடையாளம்தான்.

இனி ஹதீஸ். கருஞ்சீரகத்தைப் பற்றிய நபிமொழி ஆதாரப்பூர்வமானது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அது பொதுச் சொல்லால் வந்திருப்பினும் குறிப்பிட்ட சில நோய்களையே கருதுகிறது என்று இமாம் கத்தாபீ (ரஹ்) போன்றோர் விளக்கியுள்ளனர். மூன்று வயதுக் குழந்தைக்கு எத்தனை சொட்டு, எத்தனை நாள் என்று அதில் இல்லை. அளவையும் ‘ஏழு நாளை’யும் சேர்த்தவர் வியாபாரி. தம் சொல்லை அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களின் சொல்லுக்கு அடியில் ஒட்டி விற்பது வியாபாரமா, துணிச்சலா?

அந்தக் குப்பியைத் திருப்பிப் பார்த்தோம். பொடி எழுத்தில் 14 இலக்க எண் ஒன்று இருந்தது. அது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண். அதாவது அரசின் கணக்கில் அது உணவு; நோயைக் குணமாக்கும் என்று உணவுப் பொருளில் எழுத அனுமதியில்லை. மருந்தாக இருந்தால் மருந்து தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும். அதுவும் தயாரிக்கத் தந்த அனுமதிதான், விளம்பரம் சொல்வதற்கெல்லாம் சான்றன்று; கொரோனிலுக்கும் உரிமம் இருந்தது.

பேசிக்கொண்டிருந்தபோது அந்தத் தாயாரின் இடுப்பிலிருந்த மூன்று வயது இளையவன் இரைத்துக்கொண்டே இருந்தான். நான்கு நாளாக எண்ணெய்தான் கொடுத்திருக்கிறார். கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் எண்ணினோம்: 52 மூச்சு. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள், அமைதியாக இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 40 ஆனாலே அது வேக மூச்சு. நிமோனியாவாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அன்றிரவே பழனி அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். நிமோனியாதான். ஆறாம் நாள், அல்ஹம்துலில்லாஹ், வீடு திரும்பினான்.

அந்த எண்ணெயை விற்றவர் அடுத்த ஜும்ஆவுக்கும் பள்ளிவாசல் வாசலில் விரிப்பு போட்டிருந்தார். ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது இதுதான்: வாசலில் கடை விரிக்க அனுமதிக்கும் முன் குப்பியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். உணவு என்றால் உணவு என்றே விற்கட்டும். ஹதீஸையும் ‘ஏழு நாளை’யும் கிழித்துவிட்டு விற்கட்டும்.