ரத்து பண்ண அது உயில் அல்ல

"உயில் எழுதினால் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். பிடித்த பிள்ளைக்கு இப்போதே தான செட்டில்மெண்ட் எழுதிவிடுங்கள். மனம் மாறினால் ரத்து செய்துகொள்ளலாம்." சென்ற இதழில் நண்பர் இப்படி எழுதியிருக்கிறார். முதல் வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது. கடைசி வாக்கியத்தை நம்பி யாராவது பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டால், அந்தப் பாவம் அவரைத்தான் சேரும்.

இரண்டு பத்திரங்களையும் அவர் ஒருமுறை வாசித்திருக்கலாம். உயிலில் "என் ஆயுளுக்குப் பிறகு" என்று இருக்கும். செட்டில்மெண்டில் "இன்று முதல் நீயே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்" என்று இருக்கும். உயிலை வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். நினைத்தபோது கிழித்துவிட்டு வேறு எழுதலாம். செட்டில்மெண்டைப் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிவாகி, பிள்ளை ஏற்றுக்கொண்டதும் வீடு கைமாறிவிட்டது. அதன்பின் கொடுத்தவர் தனியாகப் போய் ரத்துப் பத்திரம் எழுத முடியாது. மோசடி, மிரட்டல் போன்ற காரணம் காட்டி நீதிமன்றப் படியேற வேண்டும்.

நண்பர் யோசிக்காத ஒன்று: பிள்ளை முந்திக்கொண்டால்? ஓர் இந்துத் தகப்பன் தான் சம்பாதித்துக் கட்டிய வீட்டை மகனுக்கு எழுதிக்கொடுக்கிறார். மகன் உயில் எழுதாமல் திடீரென இறந்துபோகிறான். மனைவி, ஒரு குழந்தை, தாய் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. கட்டிய தகப்பனுக்கு? ஒன்றுமில்லை. இந்து வாரிசுச் சட்டத்தில் அவர் இரண்டாம் வகுப்பு வாரிசு. மகன் கடன்பட்டிருந்தால் கடன்காரனும் அந்த வீட்டைத் தேடி வருவான். உயிலாக இருந்திருந்தால் வீடு இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். வேறு உயில் எழுதிக்கொண்டிருப்பார்.

"முதியோர் சட்டம் இருக்கிறதே" என்பார். இருக்கிறது. 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, பராமரிக்காத பிள்ளையின் பத்திரத்தைச் செல்லாததாக்கத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் பராமரிப்பு நிபந்தனையோடு கொடுத்ததாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. பிறகு வந்த தீர்ப்புகள் சற்று இரங்கியிருக்கின்றன. அந்த இரக்கத்தை நம்பியா எழுபது வயதில் வீட்டை எழுதுவது?

உயிலும் சுத்தத் தங்கமல்ல. சாட்சிகள் செத்துப்போனால் நிரூபிப்பது பெரும்பாடு. ஒதுக்கப்பட்ட பிள்ளை "அப்பாவுக்கு அப்போது சுயநினைவே இல்லை" என்று வழக்குப் போடுவான். அந்தச் சண்டைக்குப் பயந்து இன்றே கொடுப்பதென்றால் கொடுங்கள். ஆனால் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை எனக்கும் என் மனைவிக்கும் உண்டு, எங்களைப் பராமரிக்கும் நிபந்தனையோடுதான் கொடுக்கிறேன். ஆயுள் உரிமையை வைத்துக்கொண்டு கொடுத்த தானமும் செல்லும் என்று 2014இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நண்பரின் கட்டுரையில் அந்த இரண்டு வரிகள் இல்லை.